பழைய ஆவணங்களில் தமிழ் ஆண்டை ஆங்கில ஆண்டாக மாற்றுதல்

பழைய ஓலைகள், கிரயப் பத்திரங்கள், கடிதங்கள் ஆகியவற்றில் தேதி பெரும்பாலும் ‘சாலிவாகன சகாப்தம் இத்தனைக்கு மேல் செல்லாநின்ற இன்ன வருஷம், இன்ன மாதம், இன்ன தேதி’ என்ற வடிவில் காணப்படும். சில ஆவணங்களில் கலியுக ஆண்டும் சேர்ந்திருக்கும். இவற்றை ஆங்கில ஆண்டாக மாற்றும்போது ஓர் ஆண்டு முன்பின்னாகப் பிழை நேர்வது வழக்கம். அந்தப் பிழை எப்படி வருகிறது, அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை உ. வே. சாமிநாதையரின் பிறந்த தேதியைக் கொண்டு அறியலாம். அவர் ஆனந்த வருஷம் மாசி மாதம் 9ஆம் தேதி, திங்கட்கிழமை பிறந்தார்.

வருஷப் பெயர்

பிரபவ முதல் அட்சய வரை 60 பெயர்கள் உள்ளன. அண்மை நூற்றாண்டுகளில் பிரபவ ஆண்டு 1747, 1807, 1867, 1927, 1987 ஆகிய ஆண்டுகளின் சித்திரையில் தொடங்கியது. ஆனந்த என்பது 48ஆவது பெயர். எனவே 1807உடன் 47ஐக் கூட்டினால் 1854 கிடைக்கும்.

ஆனால் இதே பெயர் 1794லும் 1914லும் வருகிறது. பெயர் மட்டும் இருந்தால் எந்தச் சுற்று என்பதை வேறு செய்தியால் முடிவு செய்ய வேண்டும். சாமிநாதையர் 1942இல் மறைந்தார். அவருடைய ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1876இல் மறைந்தார். ஆகவே 1794உம் பொருந்தாது, 1914உம் பொருந்தாது.

ஆண்டு எண்

சக ஆண்டு எண் இருந்தால் இந்த ஐயம் எழாது. கழிந்த சக ஆண்டுடன் 78ஐக் கூட்ட வேண்டும். கழிந்த கலியாண்டிலிருந்து 3101ஐக் கழிக்க வேண்டும். ஆனந்த ஆண்டு தொடங்கியபோது சகம் 1776உம் கலி 4955உம் கழிந்திருந்தன. இரண்டு கணக்கும் 1854 என்றே வரும்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. சிலர் கழிந்த ஆண்டை எழுதுவர். சிலர் நடப்பு ஆண்டை எழுதுவர். நடப்பு ஆண்டை எழுதியவர் அதே ஆனந்த வருஷத்தைச் சகம் 1777 என்று குறித்திருப்பார். அதனுடன் 78ஐக் கூட்டினால் 1855 வரும். ஆனால் 1855இன் சித்திரையில் தொடங்கியது அடுத்த ஆண்டான இராட்சச. எண்ணும் பெயரும் ஒன்று தள்ளி நின்றால், எண் நடப்புக் கணக்கில் எழுதப்பட்டது என்று கொண்டு ஒன்றைக் குறைக்க வேண்டும். எண் சுற்றைக் காட்டும். பெயர் ஆண்டைத் துல்லியமாக்கும்.

மாதம்

தமிழ் ஆண்டு ஏப்ரல் நடுவில் தொடங்கி அடுத்த ஏப்ரல் நடுவில் முடிகிறது. ஆகவே மேலே கிடைத்த 1854 என்பது அந்த ஆண்டின் தொடக்கம் மட்டுமே. சித்திரை முதல் கார்த்திகை வரையான தேதிகளுக்கு அது பொருந்தும். தை, மாசி மாதங்களுக்கும் பங்குனிக்கும் ஒன்று கூட்ட வேண்டும். மார்கழி இரண்டு ஆங்கில ஆண்டுகளிலும் பரவியிருப்பதால் தேதியையும் பார்க்க வேண்டும். சாமிநாதையர் பிறந்தது மாசியில். ஆகவே ஆண்டு 1855. நாள் பிப்ரவரி 19.

இதைக் கிழமையால் சோதிக்கலாம். 1855 பிப்ரவரி 19 திங்கட்கிழமை, குறிப்போடு ஒத்துப்போகிறது. ஒன்று கூட்ட மறந்து 1854 என்று கொண்டால் அந்த நாள் ஞாயிற்றுக்கிழமை ஆகிவிடும். அதோடு, 1854 பிப்ரவரியில் நடந்தது ஆனந்த அல்ல, அதற்கு முந்தைய பிரமாதீச ஆண்டு. கிழமை எழுதப்பட்ட ஆவணங்களில் இச்சோதனையைத் தவறாமல் செய்ய வேண்டும்.

திருவள்ளுவர் ஆண்டு

தமிழ்நாடு அரசின் ஆவணங்களில் காணப்படும் திருவள்ளுவர் ஆண்டுக்கு 31ஐக் கழிக்க வேண்டும். ஆனால் மேலே சொன்ன மாத விதியை இதற்கு அப்படியே பயன்படுத்தக் கூடாது. வருஷப் பெயர் சித்திரையில் மாறுகிறது. திருவள்ளுவர் ஆண்டு எண் தை முதல் நாளில் மாறுகிறது.

எடுத்துக்காட்டாக, 2021 ஜனவரி 6 என்பது சார்வரி, மார்கழி 22, திருவள்ளுவர் ஆண்டு 2051. அதே மாதம் 20ஆம் தேதி சார்வரி, தை 7, திருவள்ளுவர் ஆண்டு 2052. பெயர் மாறவில்லை, எண் மாறிவிட்டது. 2052இலிருந்து 31ஐக் கழித்தால் 2021 நேராகவே கிடைக்கும். தை மாதம் என்பதற்காக இன்னொன்று கூட்டினால் தவறாகும். மார்கழியின் பின்பாதிக்கு மட்டும், 2051 − 31 = 2020 என்று வந்தபின், ஒன்று கூட்ட வேண்டும்.

ஆகவே ஓர் ஆவணத்தின் தேதியை மாற்றும்போது முதலில் எண் எந்த ஆண்டுமுறையைச் சேர்ந்தது, அம்முறையில் ஆண்டு எந்த மாதத்தில் பிறக்கிறது என்று பார்த்துவிட்டே கூட்டவோ கழிக்கவோ தொடங்க வேண்டும். மாதம் தெரியாத ஆவணத்துக்கு ஒரே ஆண்டை எழுதாமல் ‘1854–55’ என்று இரண்டையும் குறிப்பதே முறை.