பல கைகள், ஒரு குரல்: 9/11 அறிக்கையில் ஒரு பத்தி

நாலு பேர் எழுதின டாக்குமென்ட்டை ஒட்டித் தைக்கிற வேலை எங்கள் துறையில் சகஜம். ஃபாண்ட்டையும் தலைப்புகளையும் சரிசெய்து அனுப்பிவிடுவோம். ஆனாலும் எந்தப் பகுதி யார் எழுதினது என்று படித்தாலே தெரிந்துவிடும். அதனால்தான் 2004 ஜூலையில் வந்த 9/11 ஆணைய அறிக்கை எனக்கு ஆச்சரியம். இரு கட்சிகளிலிருந்தும் ஐந்தைந்து உறுப்பினர்கள், குழு குழுவாகப் பிரிந்து எழுதிய சுமார் 80 ஊழியர்கள், 13 அத்தியாயங்கள். ஆனால் படித்தால் ஒரே ஆள் எழுதின மாதிரி இருக்கிறது!

முதல் காரணம் சட்டகம். நிர்வாக இயக்குநர் ஃபிலிப் ஜெலிகோவும் வரலாற்றாசிரியர் எர்னஸ்ட் மேயும் ஆரம்பத்திலேயே அத்தியாய வரைவு போட்டுவிட்டார்கள். முதலில் கதை, தீர்ப்பும் பரிந்துரையும் கடைசியில். விசாரணை முடியும் முன்பே முடிவா என்று சில ஊழியர்கள் கொதித்தார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

இரண்டாவது, வாக்கியம். முதல் அத்தியாயத்தில் ஒரு சிக்கலான இடம் வருகிறது. கடத்தப்பட்ட விமானங்களைச் சுடலாம் என்று துணை அதிபர் செனி அனுமதி கொடுத்தார். அதற்கு முன்பே அதிபர் புஷ்ஷிடம் போனில் ஒப்புதல் வாங்கினாரா? ஒருவர் இதைக் குற்றச்சாட்டாக எழுதுவார், இன்னொருவர் சப்பைக்கட்டாக எழுதுவார். அறிக்கை என்ன செய்கிறது? பேசியதாக இருவரும் சொன்னதைப் பதிகிறது. அருகில் இருந்தவர்களின் குறிப்புகளில் அந்த அழைப்பு இல்லை என்கிறது. 10:18க்கு ஒரு அழைப்பு பதிவாகியிருக்கிறது என்கிறது. முந்தைய அழைப்புக்கு ஆவண ஆதாரம் இல்லை, ஆனால் பதிவேடுகள் முழுமையாகவும் இல்லை என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறது. பொய் என்றும் சொல்லவில்லை, உண்மை என்றும் சொல்லவில்லை.

எனக்குப் புரிந்த சூட்சுமம் இதுதான்: அவர்கள் ஒன்றாக்கியது நடையை அல்ல, வாக்கியத்துக்கு இருக்கும் உரிமையை. யார் சொன்னது, எந்தப் பதிவில் இருக்கிறது, எத்தனை மணிக்கு என்பதை மட்டும் ஒரு வாக்கியம் சொல்லலாம். 'வியப்பாக', 'துரதிர்ஷ்டவசமாக' மாதிரி வார்த்தைகளுக்கு அங்கே வேலை இல்லை. எழுதினவரின் கை தெரிவது பெரும்பாலும் அந்த வார்த்தைகளில்தானே?

இதற்கு ஒரு விலையும் உண்டு. மேயே 2005இல், அறிக்கை சமநிலையைக் கொஞ்சம் அதிகமாகவே பேணிவிட்டது என்ற ரீதியில் எழுதினார். பத்துப் பேரும் கையெழுத்துப் போடுகிற குரலால் ஒரு தனிமனிதரை நோக்கிக் கைநீட்ட முடியாது. செனி பத்தியிலும் அப்படித்தான். அந்த அழைப்பு நடந்ததா என்ற கேள்விக்கு விடை சொல்லும் வேலை கடைசியில் நம் தலையில்தான் விழுகிறது.