கிராண்ட் தளபதியின் ஒட்டுப்படம்: ஒளிப்படத்தில் ஆளைப் பொருத்தும் கலையின் வரலாறு

அமெரிக்க உள்நாட்டுப் போரின் வடதரப்புத் தளபதி யுலிசீசு கிராண்ட், வர்ஜீனியா மாநிலத்தின் சிட்டி பாயின்ட் படைமுகாமில் குதிரைமேல் அமர்ந்திருப்பதாகக் காட்டும் ஒளிப்படம் ஒன்று உண்டு. அவருக்குப் பின்னால் பெருங்கூட்டமாகப் படைவீரர்கள் தெரிகின்றனர். பல்லாண்டுகளாகப் போர்க்காலத்து உண்மைப் படமாகவே இது கருதப்பட்டது. ஆனால் கிராண்ட் அந்தக் குதிரையில் ஏறவுமில்லை. அந்தக் கூட்டத்தின் முன் நிற்கவுமில்லை. 1902 அளவில் லெவின் கார்பின் ஹேண்டி என்ற ஒளிப்படக் கலைஞர், மூன்று தனித்தனி நெகட்டிவ்களை இணைத்து இப்படத்தை உருவாக்கினார். இவர் போர்க்கால ஒளிப்படங்களுக்குப் பெயர்பெற்ற மாத்தியூ பிரேடியின் உறவினர். பிரேடியின் மனைவிவழி மருமகன்.

அமெரிக்கக் காங்கிரசு நூலகத்தினர் தம் சேகரிப்பில் இருந்த மூலப் படங்களைத் தேடி எடுத்து ஒப்பிட்டபோது இந்த ஒட்டுவேலை தெளிவானது. தலை, 1864 சூனில் கோல்டு ஹார்பர் முகாமில் கிராண்ட் நின்றபடி எடுத்துக்கொண்ட படத்திலிருந்து வந்தது. உடலும் குதிரையும் அலெக்சாண்டர் மெக்டவல் மெக்குக் என்ற வேறொரு தளபதிக்கு உரியவை. பின்னணியில் உள்ள கூட்டம், 1864 செப்டம்பரில் பிசர்சு ஹில் போரில் பிடிபட்ட தென்தரப்புக் கைதிகள். ஐயத்தைத் தூண்டிய குறிப்புகளுள் முதன்மையானது, தலை உடல்மீது இயல்பாக உட்காராமல் விநோதமான கோணத்தில் இருந்தது என்பதாகும். வெட்டு நேர்த்தியாக இருந்தும் தலை ஏன் பொருந்தவில்லை என்பதை விளங்கிக்கொள்ள, படம் எடுக்கும் கருவி எவ்வளவு உயரத்தில், எவ்வளவு தொலைவில் இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

தொடுவானக் கோடு

இதற்கான அடிப்படை விதி, ஒளிப்படம் தோன்றுவதற்கு நானூறு ஆண்டுகளுக்கு முன்பே ஓவியர்களுக்குத் தெரிந்திருந்தது. இத்தாலியரான லியோன் பத்திசுத்தா ஆல்பர்ட்டி 1435 இல் ஓவியக்கலை பற்றி எழுதிய நூலில், இயலுறு தோற்றத்தை வரையும் முறையை விளக்கினார். படத்தின் குறுக்கே ஒரு கிடைக்கோடு வரைந்து, அதைப் பார்ப்பவரின் கண்மட்டமாக வைத்துக்கொள்ள வேண்டும். அந்தக் கோடு ஓர் ஆளின் உயரத்தில் இருந்தால், சமதளத்தில் நிற்கும் அதே உயரமுள்ள எல்லோருடைய தலைகளும் அருகில் இருந்தாலும் தொலைவில் இருந்தாலும் அந்தக் கோட்டிலேயே அமையும். தொலைவில் இருப்பவரின் கால்கள் மட்டும் மேலேறி வரும்.

ஒளிப்படத்திலும் இதுவே நடக்கிறது. சமதளத்தில் எடுத்த படத்தில், தொடுவானக் கோடு ஒவ்வொருவரின் உடலையும் கருவி இருந்த உயரத்திலேயே வெட்டிச் செல்லும். கருவி 1.5 மீட்டர் உயரத்தில் இருந்தது என்று கொள்வோம். 1.7 மீட்டர் உயரமுள்ளவர் எங்கு நின்றாலும், பாதத்திலிருந்து 88 விழுக்காடு உயரத்தில், அதாவது ஏறத்தாழத் தாடையருகே அந்தக் கோடு செல்லும். தொடுவானம் கட்டடங்களால் மறைக்கப்பட்டிருந்தால், தெருவின் இரு ஓரங்கள், சன்னல் வரிசைகள் போன்ற இணையான கிடைக்கோடுகளை நீட்டிப் பார்க்கலாம். அவை சந்திக்கும் புள்ளி அந்தக் கோட்டின்மீது இருக்கும்.

புதிதாக ஓர் ஆளை அந்தப் படத்தில் வைக்கும்போது, அவருடைய தாடையையும் அதே கோட்டில் நிறுத்தினால், பாதம் எந்த இடத்தில் தரையைத் தொட வேண்டும் என்பதும், உருவம் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதும் தாமே முடிவாகிவிடும். உருவத்தைப் பெரிதாக்கினால் பாதம் கீழே, நமக்கு அருகில் வரும். சிறிதாக்கினால் மேலே, தொலைவுக்குச் செல்லும். அளவை ஒருவிதமாகவும் பாதத்தின் இடத்தை வேறுவிதமாகவும் கண்மதிப்பில் வைப்பதால்தான் ஆள் குள்ளனாகவோ பூதமாகவோ தெரிகிறார். இந்த விதி சமதளத்துக்கு மட்டுமே பொருந்தும். மேட்டிலோ படியிலோ நிற்பவர்க்கு, அந்த ஏற்றத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கிராண்டின் தலையில் நேர்ந்த பிழை

கோட்டை மட்டும் பொருத்தினால் போதாது. உருவத்தைப் படமெடுத்த கருவியும் அதே உயரத்தில் இருந்திருக்க வேண்டும். குதிரைமேல் அமர்ந்தவரின் முகம் தரையிலிருந்து சுமார் 2.4 மீட்டர் உயரத்தில் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். முக்காலியில் 1.5 மீட்டர் உயரத்தில் நிற்கும் கருவி, 6 மீட்டர் தொலைவிலிருந்து அந்த முகத்தைப் பார்த்தால், 8 அல்லது 9 பாகை அளவுக்குக் கீழிருந்து மேலாகப் பார்க்கும். தாடையின் அடிப்பகுதி சற்றே தெரியும். தொப்பி விளிம்பின் கீழ்ப்புறமும் தெரியும். தரையில் நிற்பவரின் முகமோ ஏறத்தாழக் கருவியின் மட்டத்திலேயே இருக்கும். அதை வெட்டிக் குதிரைவீரரின் தோள்மேல் வைத்தால், உடலைக் கீழிருந்தும் தலையை நேராகவும் பார்ப்பது போன்ற உணர்வு எழும். கழுத்தை எப்படித் திருப்பினாலும் இந்த வேறுபாடு மறையாது. தலையைச் சாய்ப்பது வேறு, அதைக் கீழிருந்து பார்ப்பது வேறு.

கருவியின் உயரமும் தொலைவும் சேர்ந்தே பார்வைக் கோணத்தைத் தருகின்றன. இதற்குக் காலணிகளே நல்ல சாட்சி. 1.5 மீட்டர் உயரத்திலுள்ள கருவி, 3 மீட்டர் தொலைவில் நிற்பவரின் பாதத்தை 27 பாகை சரிவில் பார்க்கிறது. காலணியின் மேற்புறம் நன்றாகத் தெரியும். அதே ஆள் 12 மீட்டர் தொலைவில் நின்றால் சரிவு 7 பாகைதான். காலணி பெரும்பாலும் முன்புறமாகத் தெரியும். அருகில் எடுத்த உருவத்தைச் சுருக்கித் தொலைவில் வைத்தால், கோடும் அளவும் சரியாக இருந்தும் கால்கள் முன்னோக்கிச் சரிந்து நிற்பதுபோலத் தோன்றும்.

குவியத்தூரம் பற்றிய குழப்பம்

நீண்ட குவியத்தூர வில்லை பின்னணியை நெருக்கிக் காட்டும், குறுகிய வில்லை முகத்தை உப்பவைக்கும் என்று சொல்வது வழக்கம். உண்மையில் இவற்றைச் செய்வது தொலைவு. ஒரே இடத்தில் நின்று வில்லையை மட்டும் மாற்றினால் படத்தின் இயலுறு தோற்றம் மாறுவதில்லை. காட்சியில் எவ்வளவு பகுதி அடங்குகிறது என்பதே மாறுகிறது. ஆனால் குறுகிய வில்லையை வைத்திருப்பவர் முகம் சட்டத்தை நிரப்ப வேண்டுமென்று நெருங்கிச் செல்கிறார். மாற்றம் அங்கேதான் நிகழ்கிறது.

மூக்கு நுனி காதைவிட 12 சென்டிமீட்டர் முன்னால் இருப்பதாகக் கொண்டால், மூக்கிலிருந்து 1 மீட்டர் தொலைவில் எடுத்த படத்தில், காதோடு ஒப்பிட மூக்கு 12 விழுக்காடு பெரிதாகப் பதியும். 4 மீட்டரிலிருந்து எடுத்தால் இந்த வேறுபாடு 3 விழுக்காடாகக் குறையும். ஆகவே பின்னணியில் 4 மீட்டர் தொலைவில் நிற்பவராக ஒருவரை வைக்க வேண்டுமானால், அவரையும் 4 மீட்டரிலிருந்தே எடுப்பது முறை. பின்னணியை எடுத்த அதே வில்லையையும் அதே சாய்வையும் பயன்படுத்தி, படச்சட்டத்தின் அதே இடத்தில் அவரை நிறுத்துவது இன்னும் பாதுகாப்பானது. அகலக் கோண வில்லைகள் சட்டத்தின் ஓரங்களில் உருவங்களை இழுத்துக் காட்டும் என்பதே இதற்குக் காரணம்.

முன்கூட்டியே திட்டமிட்டவர்கள்

ஹேண்டிக்கு நெடுங்காலம் முன்பே, பல நெகட்டிவ்களை இணைத்து ஒரே படமாக்கும் முறை இங்கிலாந்தில் வளர்ந்திருந்தது. ஆசுக்கர் ரெய்லாண்டர் 1857 இல் முப்பதுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களைக் கொண்டு ஒரு பெரிய படத்தை உருவாக்கினார். ஹென்றி பீச் ராபின்சன் 1858 இல் ஐந்து நெகட்டிவ்களை இணைத்து, மரணப் படுக்கையில் இருக்கும் இளம்பெண்ணையும் சூழ்ந்திருக்கும் குடும்பத்தாரையும் காட்டினார். ராபின்சன் முழுப் படத்தையும் முதலில் கோட்டோவியமாக வரைந்துகொண்டு, அதில் ஒவ்வோர் உருவத்துக்கும் உரிய இடத்துக்கு ஏற்பத் தனித்தனியாகப் படமெடுக்கும் வழக்கம் கொண்டிருந்தார். ஹேண்டியோ நாற்பது ஆண்டுகளுக்கு முன் வேறு நோக்கங்களுக்காக எடுக்கப்பட்ட படங்களில் கிடைத்ததைக் கொண்டு பொருத்த வேண்டியிருந்தது.

திரைப்படத்திலும் இதே பாடம் பயன்பட்டது. வுடி ஆலன் 1983 இல் இயக்கிய செலிக் என்ற படத்தில், நாயகன் 1920களின் பழைய செய்திப்படக் காட்சிகளுக்குள் தோன்றுகிறான். ஒளிப்பதிவாளர் கார்டன் வில்லிசு அதற்காக அக்காலத்து வில்லைகளையும் கருவிகளையும் தேடிப் பயன்படுத்தினார். பழைய காட்சியின் கோணத்தையும் வில்லையின் தன்மையையும் பின்னர் திருத்திச் சேர்ப்பதைவிட, படமெடுக்கும்போதே ஒத்துப்போகச் செய்வது எளிது.

பொருந்தாமை எதை மெய்ப்பிக்கும்?

படத்தில் கோணம் விநோதமாக இருப்பதே மோசடிக்குச் சான்றாகிவிடாது. 1963 இல் சான் கென்னடி கொலை வழக்கில் கைதான லீ ஹார்வி ஆசுவால்டு, வீட்டுக் கொல்லையில் துப்பாக்கியுடன் நிற்கும் தன் படத்தைக் கண்டதும், வேறொருவர் உடலில் தன் தலை ஒட்டப்பட்டுள்ளது என்றார். நிற்கும் நிலையும் நிழல்களும் இயல்பாக இல்லை என்று பலரும் அதை நம்பினர். 1970களின் இறுதியில் அமெரிக்கக் கீழவைக் குழு அமைத்த ஒளிப்பட வல்லுநர்கள் ஆராய்ந்து, ஒட்டுவேலைக்கான தடயம் எதுவுமில்லை என்று அறிவித்தனர். பின்னர் கணினி அறிஞர் ஹானி பாரிட், முப்பரிமாண மாதிரியொன்றை உருவாக்கிச் சோதித்து, நிலையும் நிழல்களும் ஒரே காட்சியில் அமையக்கூடியவையே என்று காட்டினார்.

இவ்விரு படங்களையும் அருகருகே வைத்தால் ஓர் உண்மை தெளிவாகிறது. கண்ணுக்கு உறுத்துவது ஐயத்தின் தொடக்கம் மட்டுமே. அதன்பின் தொடுவானக் கோட்டைக் கண்டறிந்து, கருவியின் உயரத்தையும் தொலைவையும் கணக்கிட்டு, எல்லாம் ஒரே இடத்தில் நின்ற ஒரே கருவியின் பார்வைக்கு ஒத்துவருகின்றனவா என்று சோதிக்க வேண்டும். அப்படி ஒத்துவந்தாலும் படம் உண்மை என்று ஆகிவிடாது. ராபின்சனைப் போலத் திட்டமிட்டுச் செய்பவர் இந்தச் சோதனையில் தேறிவிடுவார். கிராண்ட் படத்தில் ஐயத்தை முடிவாகத் தீர்த்தவை, அதே நூலகத்தில் தப்பிக் கிடந்த மூன்று மூலப் படங்களே.