வினையின் திசையும் வெப்பத்தின் குறியும்: பெர்தலோ கோட்பாட்டுக்கு நெர்ன்ஸ்ட் தந்த விளக்கம் பற்றிய ஒரு மறுஆய்வு

ஒரு வேதிவினை புறத்தூண்டல் இன்றித் தானே நிகழுமா என்பதை அதில் வெளிப்படும் வெப்பமே தீர்மானிக்கிறது என்னும் கருத்தை டென்மார்க்கின் யூலியஸ் தாம்சென் 1854இல் முன்வைத்தார். பாரிசில் மார்செலின் பெர்தலோ அதனை விரித்து, ஓர் அமைப்பில் வெளியாற்றல் எதுவும் குறுக்கிடாதவிடத்து மிகுதியான வெப்பத்தை வெளிவிடும் வினையே நிகழ முனையும் என்று விதியாக்கினார். இவ்விதிக்கு ஒரே ஓர் ஆண்டைச் சூட்டுவது எளிதன்று. 1860களில் தொடங்கி 1879இல் அவருடைய வேதி இயக்கவியல் நூல் வெளிவரும் வரை அதன் சொல்லமைப்பு படிப்படியாக இறுகி வந்தது, இடையில் 1873இல் முன்னுரிமை குறித்துத் தாம்செனுடன் பூசலும் எழுந்தது. இதற்கிடையே ஹோர்ஸ்ட்மன் 1873இல் சிதைவு வினைகளுக்கு என்ட்ரோபியைப் பொருத்திக் காட்டியதும், கிப்ஸ் 1876-78இல் சமநிலைக் கோட்பாட்டை வகுத்ததும், ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1882இல் ஆற்றலின் பயன்படத்தக்க பகுதிக்குக் கட்டிலா ஆற்றல் எனப் பெயரிட்டதும், வான்ட் ஹாஃப் 1884இல் வேதிநாட்டத்தை வினையிலிருந்து பெறக்கூடிய பெரும வேலையாக அளந்ததும் பரவலாக அறியப்பட்டவை. மாறா வெப்பநிலையிலும் மாறா அழுத்தத்திலும் ΔG = ΔH − TΔS எதிர்க்குறி பெற்றால் வினை தன்னிச்சையானது என்னும் அளவுகோல் இவற்றின் விளைவாகும். இதில் ΔH என்பது வினையில் உறிஞ்சப்படும் வெப்பமாகிய என்தால்பி மாற்றம். ΔS என்பது என்ட்ரோபி மாற்றம். T என்பது கெல்வின் அளவில் வெப்பநிலை.

தவறான ஒரு விதி பல்லாண்டுகள் எவ்வாறு இவ்வளவு நன்றாக வேலை செய்தது என்னும் வினா பெரும்பாலான வரலாற்று நூல்களில் எழுப்பப்படுவதே இல்லை. அதை எழுப்பியவர் வால்தர் நெர்ன்ஸ்ட். பெர்தலோவின் விதி புறக்கணிக்க முடியாத அளவுக்கு அடிக்கடி மெய்யாவதால் அதனுள் இன்னும் தெளிவுறாத ஓர் இயற்கை விதி மறைந்திருக்க வேண்டும் என்று தம் பாடநூலில் கருதிய அவர், 1906இல் அச்சான கட்டுரையில் அம்மறைபொருளைத் தாம் கண்டுவிட்டதாகக் காட்டினார். வினையின் பெரும வேலையையும் வினை வெப்பத்தையும் வெப்பநிலைக்கு எதிராக வரைந்தால் தனிச்சுழியில் அவ்விரு கோடுகளும் சந்திப்பது மட்டுமன்றி ஒன்றையொன்று தொட்டுச் செல்கின்றன என்பதே அவருடைய வெப்பத் தேற்றம். கோடுகள் தொட்டுச் செல்வதால் தாழ்ந்த வெப்பநிலைகளில் அவை நெடுந்தூரம் நெருங்கியே இருக்கும். எனவே பெர்தலோ விதி தனிச்சுழியில் முற்றிலும் உண்மை, சாதாரண வெப்பநிலையில் ஏறத்தாழ உண்மை என்பது அவர் பெற்ற முடிவு. இவ்விளக்கம் பின்வந்த பாடநூல்களில் எதிர்ப்பின்றி இடம்பெற்றுள்ளது. ஆயினும் இது வினாவுக்கு விடையாகாது.

முதலாவதாக, தனிச்சுழியில் கட்டிலா ஆற்றல் மாற்றமும் என்தால்பி மாற்றமும் ஒன்றாவதற்குப் புதிய தேற்றம் எதுவும் வேண்டியதில்லை. ΔS எந்த வரம்புள்ள எண்ணாக இருந்தாலும் T சுழியாகும்போது TΔS சுழியாகிவிடும். நெர்ன்ஸ்ட் சேர்த்தது ΔSஉம் சுழியை அணுகுகிறது என்னும் கூற்று மட்டுமே. அதன் பெருமை தனி, அது இங்கு ஐயத்துக்கு உள்ளாக்கப்படவில்லை. இரண்டாவதாக, பெர்தலோவின் வெற்றிகள் பெரும்பாலும் எரிதல் போன்ற, வாயுக்கள் பங்குபெறும் வினைகளில் 25 பாகை செல்சியஸ் அளவில், அதாவது 298 கெல்வினில் கிட்டியவை. அவ்வெப்பநிலையில் அவ்வினைகளில் இரு கோடுகளும் நெருங்கியிருக்கின்றனவா என்பதை இரண்டு வினைகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

சுண்ணாம்புக்கல் சூளையில் சுட்ட சுண்ணாம்பாகவும் கார்பன் டைஆக்சைடாகவும் பிரிகையில் ஒரு மோலுக்கு 178 கிலோஜூல் வெப்பம் உறிஞ்சப்படுகிறது; என்ட்ரோபி கெல்வினுக்கு 160 ஜூல் கூடுகிறது. நிறமற்ற டைநைட்ரஜன் டெட்ராக்சைடு வாயு செம்பழுப்பான நைட்ரஜன் டைஆக்சைடாகப் பிரிகையில் உறிஞ்சப்படும் வெப்பம் 57 கிலோஜூல். என்ட்ரோபி உயர்வு 176 ஜூல். இரண்டிலும் வாயுவின் அளவு ஒரு மோல் கூடுவதால் என்ட்ரோபி மாற்றம் ஏறத்தாழ ஒன்றாகவே உள்ளது. 298 கெல்வினில் TΔS முதலாவதில் 48, இரண்டாவதில் 52 கிலோஜூல். அதாவது வேலைக்கும் வெப்பத்துக்கும் இடையே இரண்டிலும் கிட்டத்தட்ட ஐம்பது கிலோஜூல் இடைவெளி ஏற்கெனவே விழுந்துவிட்டது. கோடுகளின் நெருக்கமே விதியின் வெற்றிக்குக் காரணமானால் இரு வினைகளிலும் விதி ஒரே அளவில் தவற வேண்டும். நிகழ்வதோ வேறு. சுண்ணாம்புக்கல்லுக்கு ΔG 130 கிலோஜூல் நேர்க்குறியில் நிற்பதால், வெப்பம் உறிஞ்சும் பிரிவு நிகழாது என்னும் பெர்தலோவின் தீர்ப்பு பிசகின்றிப் பலிக்கிறது. மற்றதற்கு ΔG ஏறத்தாழ 5 கிலோஜூல் மட்டுமே. ஒரு வளிமண்டல அழுத்தத்தில் அந்த வாயுவின் மூலக்கூறுகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு பிரிந்தே கிடக்க, குடுவையின் பழுப்பு நிறம் விதியைப் பொய்யாக்குகிறது. வேறுபாட்டை உண்டாக்கியது என்ட்ரோபியன்று, என்தால்பியின் பருமன். வலிமையான பிணைப்புகள் முறிந்து உருவாகும் வினைகளில் ΔH நூற்றுக்கணக்கான கிலோஜூல்களாக இருக்க, அறை வெப்பநிலையின் TΔS சில பத்துகளாகவே இருப்பதால் குறி மாறுவதில்லை. பெர்தலோவின் வெற்றியில் மறைந்திருந்தது ஓர் இயற்கை விதியன்று. அவர் தேர்ந்த வினைகளின் பிணைப்பு வலிமை.

நெர்ன்ஸ்ட் தம் தேற்றத்தைத் தொடக்கத்தில் திண்ம, திரவ நிலைகளுக்கே வரையறுத்தார் என்றும், வாயுக்களை எடுத்துக்காட்டி அவரை மறுப்பது முறையன்று என்றும் தடை எழக்கூடும். அத்தடை நியாயமானதே, ஆனால் அது அவருடைய விளக்கத்தைக் காப்பதற்கு மாறாகச் சுருக்கிவிடுகிறது, ஏனெனில் விளக்கப்பட வேண்டிய வெற்றிகள் வாயு வினைகளில்தாம் மிகுதி. இனித் திண்மங்களுக்குள்ளேயே ஒரு சான்றை நோக்கலாம்.

வெள்ளீயத்துக்கு இரு புறவேற்றுமை வடிவங்கள் உண்டு. நாம் அறிந்த வெண்ணிற உலோகம் ஒன்று, குளிரில் பொடியாக உதிரும் சாம்பல் நிற வடிவம் மற்றொன்று. 1867-68 குளிர்காலத்தில் சென்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பங்கா வெள்ளீயப் பாளங்கள் உதிர்ந்ததைப் பிரிட்ஷே பதிவுசெய்தார். வெண் வடிவம் சாம்பல் வடிவமாகும்போது வெப்பம் வெளிப்படுகிறது, என்ட்ரோபி குறைகிறது. ΔH, ΔS இரண்டும் எதிர்க்குறி. இத்தகைய வினை ΔHஐ ΔSஆல் வகுத்துப் பெறும் வெப்பநிலைக்குக் கீழே மட்டும் தன்னிச்சையாகும். இரண்டும் நேர்க்குறியானால் அவ்வெப்பநிலைக்கு மேலே மட்டும் நிகழும், மேற்கண்ட பிரிவு வினைகளைப் போல. சுண்ணாம்புக்கல்லுக்கு அது ஏறத்தாழ 1110 கெல்வின், மற்றதற்கு 325 கெல்வின். குறிகள் மாறுபட்டிருந்தால் வெப்பநிலை எதையும் மாற்றாது: ஓசோன் ஆக்சிஜனாவது வெப்பத்தையும் வெளிவிட்டு என்ட்ரோபியையும் கூட்டுவதால் எவ்வெப்பநிலையிலும் தன்னிச்சையானது, அதன் எதிர்வினை எதிலும் அன்று. நான்கு நிலைகளின் இவ்வட்டவணையை கிப்ஸோ ஹெல்ம்ஹோல்ட்ஸோ இவ்வடிவில் எழுதவில்லை. தனிப்பொருள்களின் என்ட்ரோபி மதிப்புகள் அட்டவணைகளாகக் கிடைத்த பின்னரே, லூயிஸ், ரேண்டல் ஆகியோரின் 1923 நூலை ஒட்டிய காலத்திலோ அதற்குப் பிறகோ, அது பாடநூல் வழக்காகியிருத்தல் கூடும்.

வெள்ளீயத்தின் நிலைமாறு வெப்பநிலை என்ன என்பதில்தான் வேறுபாடு உள்ளது. எர்ன்ஸ்ட் கோஹனும் வான் ஐக்கும் 1899இல் இரு வடிவங்களையும் மின்வாய்களாக்கி ஒரு மின்கலம் அமைத்து, மின்னழுத்த வேறுபாடு மறையும் புள்ளி 20 பாகை செல்சியஸ் எனக் கண்டனர். பின்னர் இது 18 ஆயிற்று; 1930களின் நடுவில் கோஹனே வான் லீஷவுட்டுடன் சேர்ந்து 13.2 பாகை என்று திருத்தினார். தரவு அட்டவணைகளிலிருந்து கணக்கிட்டால் மேலும் வேறுபாடு தோன்றுகிறது. மாற்றத்தின் வெப்பம் மோலுக்கு 2.09 கிலோஜூல், சாம்பல் வடிவத்தின் என்ட்ரோபி 44.14 ஜூல். வெண் வடிவத்துக்கு அமெரிக்கத் தேசிய தர நிர்ணயப் பணியகத்தின் பழைய அட்டவணை 51.55 ஜூல் தருகிறது. கோடேட்டா குழுவின் பிந்தைய அட்டவணை 51.18 ஜூல் தருகிறது. முதலாவதைக் கொண்டால் என்ட்ரோபி வேறுபாடு 7.41 ஆகி நிலைமாற்றம் 282 கெல்வினில், ஏறத்தாழ 9 பாகை செல்சியஸில் விழுகிறது. இரண்டாவதைக் கொண்டால் வேறுபாடு 7.04 ஆகி அது 297 கெல்வினுக்கு, ஏறத்தாழ 24 பாகைக்கு ஏறிவிடுகிறது. ஒரே பொருளின் என்ட்ரோபியில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவான திருத்தம், 15 பாகை செல்சியஸ் நிலைமாற்றத்துக்கு மேலேயா கீழேயா என்பதையே புரட்டிவிடுகிறது. அளந்து கண்ட 13.2 பாகை பொருந்த வேண்டுமானால் வேறுபாடு 7.30 ஆக இருத்தல் வேண்டும். இரு அட்டவணைகளுள் எதுவும் அதைத் தரவில்லை. கோடேட்டா மதிப்பு துல்லியத்தில் உயர்ந்ததாகலின், பிழை வெண் வடிவத்தில் இல்லாமல் வெப்பத்திலோ சாம்பல் வடிவத்தின் என்ட்ரோபியிலோ இருக்க வாய்ப்பு மிகுதி; வெப்பம் 2.02 கிலோஜூல் எனக் கொண்டாலே முரண் தீர்ந்துவிடும் என்பது இக்கருத்துக்குத் துணையாகிறது, எனினும் முடிபாகக் கூறற்கில்லை.

கோஹனின் முதல் அளவீடு ஏன் ஏழு பாகை உயர்ந்தது என்பதையும் இதே எண்களைக் கொண்டு ஊகிக்கலாம். இரு எலெக்ட்ரான்கள் பங்குகொள்ளும் கலத்தில் 7.3 ஜூல் என்பது ஒரு பாகைக்கு 0.04 மில்லிவோல்ட் மட்டுமே. ஏழு பாகையும் ஏறத்தாழ கால் மில்லிவோல்ட்தான். ஆற்றலில் இது மோலுக்கு 50 ஜூல் அளவு. வெண் மின்வாயின் பரப்பில் அத்துணை இழுவிசை எஞ்சியிருந்தால் அதன் கட்டிலா ஆற்றல் உயர்ந்து, சமநிலைப் புள்ளி மேல்நோக்கி நகரும். பொடியான சாம்பல் வடிவத்தின் பரப்பாற்றல் எதிர்த்திசையில் இழுக்கும் ஆகையால் அது காரணமாக முடியாது. கோஹனின் மின்வாய்களுள் எதுவும் இன்று சோதனைக்குக் கிடைக்காத நிலையில் இது ஊகமே. ஆயினும் குறி பொருந்தும் ஊகம் இது ஒன்றே. 20 பாகையை நம்பியே கோஹன், வெயில் மிகுந்த சில நாள்கள் நீங்கலாக ஐரோப்பாவின் வெள்ளீயம் முழுதும் நிலையற்ற நிலையில் இருப்பதாக எழுதினார். அவ்வளவும் உதிராமல் நிற்பதன் காரணம் வேறு: சுழியப் பாகையில் மாற்றத்துக்கான ΔG மோலுக்கு ஏறத்தாழ 0.1 கிலோஜூல் மட்டுமே எதிர்க்குறி பெறுகிறது. அது வினையின் திசையைச் சொல்கிறதேயன்றி வேகத்தைச் சொல்வதில்லை, மாற்றமோ புதிய வடிவத்தின் கரு தோன்றுவதற்காகக் காத்துக் கிடக்கிறது.

இச்சான்று நெர்ன்ஸ்ட்டின் விளக்கத்தை அதற்குரிய களத்திலேயே தொடுகிறது. திண்மங்கள் மட்டுமே உள்ள, என்ட்ரோபி வேறுபாடு வெறும் 7 ஜூல் ஆகிய, கோடுகள் மிகவும் நெருங்கிச் செல்லும் இம்மாற்றத்தில்தான் 14 பாகை செல்சியஸிலேயே பெர்தலோ விதி பொய்த்துவிடுகிறது: வெப்பத்தை வெளிவிடும் திசை சாம்பல் வடிவத்தை நோக்கியிருக்க, நிலைபெறுவது வெண் வடிவம். ஐம்பது கிலோஜூல் விலகிய சுண்ணாம்புக்கல்லிலோ அது பலிக்கிறது. உருகுதல், கரைதல், வடிவ மாற்றம் ஆகியவற்றை இயற்பியல் மாற்றங்கள் எனப் பிரித்து வைத்துப் பெர்தலோ தம் விதியைக் காத்துக்கொண்டார். இரு வடிவங்களிலும் பிணைப்பு முறையே வேறாகிய வெள்ளீயத்தில் அப்பிரிவினை நிற்காது. சாதாரண வெப்பநிலை என்பது எல்லா வினைகளுக்கும் பொதுவான அளவன்று. ΔHஉம் ΔSஉம் ஒரே குறி பெற்ற ஒவ்வொரு வினைக்கும் ΔHஐ ΔSஆல் வகுத்த தனி அளவு உண்டு. அதற்கு மிகக் கீழே இருக்கும் வரையில் மட்டுமே வெப்பத்தின் குறியைக் கொண்டு திசையைக் கூறலாம். அவ்வளவை அட்டவணை எண்களிலிருந்து பெறுவோர், விடையோடு அதன் பிழை எல்லையையும் கணக்கிட்டுத் தருதல் வேண்டும். வெள்ளீயத்தைப் பொறுத்தவரை 13.2 பாகை நேரடி அளவீட்டையே சார்ந்து நிற்கிறது, அட்டவணைகள் அதற்கு ஏற்பத் திருத்தப்பட வேண்டியவை.