நிலையான முகவரி

1841ஆம் ஆண்டு. அமெரிக்காவின் பாஸ்டன் நகர நீதிமன்றத்தில் கந்தல் உடையில் ஒரு குடிகாரர் நிறுத்தப்பட்டிருந்தார். சிறைக்குப் போகவிருந்த அவருக்கு, பூட்ஸ் தைக்கும் தொழிலாளியான ஜான் அகஸ்டஸ் ஜாமீன் நின்றார். மூன்று வாரம் கழித்து அந்த மனிதர் குடியை விட்டுத் தெளிந்த முகத்தோடு திரும்பி வந்தார். நீதிபதி ஒரு சென்ட் அபராதமும் வழக்குச் செலவும் மட்டுமே விதித்தார். சிறைக்குப் பதிலாக நன்னடத்தை விடுதலை என்ற ஏற்பாட்டின் தொடக்கமாக வரலாறு இதைக் குறிக்கிறது. அங்கே ஒரு மனிதரின் மாற்றத்துக்குச் சாட்சி இன்னொரு மனிதரின் நம்பிக்கைதான்.

இந்தக் கருத்து நம் நாட்டில் 1958இல் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டமாக வந்தது. அதன் 4ஆம் பிரிவின்படி, மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரியதல்லாத குற்றம் செய்தவரைச் சிறைக்கு அனுப்பாமல், மூன்றாண்டுக்கு மிகாத காலத்துக்கு ஒழுங்காக நடப்பதாக எழுதி வாங்கி விடுவிக்கலாம். 6ஆம் பிரிவு இன்னும் அழுத்தமானது. 21 வயதுக்குட்பட்டவரை, ஆயுள் தண்டனைக்குரியதல்லாத குற்றத்துக்குச் சிறைக்கு அனுப்புவதானால், நீதிமன்றம் நன்னடத்தை அலுவலரின் அறிக்கையைக் கேட்டுப் பெற்று, காரணத்தையும் எழுதியாக வேண்டும்.

ஆனால் 4ஆம் பிரிவில் ஒரு நிபந்தனை உண்டு. குற்றவாளிக்கோ அவருடைய ஜாமீன்தாரருக்கோ நிலையான வசிப்பிடமோ முறையான தொழிலோ இருக்கவேண்டும். யாருக்கு இருக்கும் இவை? சைக்கிள் திருடியதாகப் பிடிபட்ட பத்தொன்பது வயதுப் பையன் ஒருவனை எண்ணிப் பார்ப்போம். பெற்றோர் வேறு மாவட்டத்துச் செங்கல் சூளையில் இருக்கிறார்கள். ஊரில் உள்ள குடிசைக்குப் பட்டா இல்லை. கூலி வேலை இன்று இருக்கும், நாளை இருக்காது. ஜாமீன் நிற்க, வரி ரசீது வைத்திருக்கும் உறவினர் எவருமில்லை. நிலமற்றோர் என்று நம்மை ஆக்கிய அதே வரலாறு, நம்மை நம்பத்தகாதோர் என்றும் ஆக்கிவிடுகிறது. பரோலிலும் இதே கதைதான்: எந்த வீட்டுக்குப் போவான், யார் பொறுப்பு என்ற கேள்விகளுக்கு விடை வேண்டும்.

இன்னொரு பக்கமும் உண்டு. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, 18 வயதைக் கடந்த குற்றவாளிக்கு இந்த நன்னடத்தைச் சலுகை கிடையாது என்கிறது. சீர்திருத்தச் சிந்தனையை மதிக்கும் நாம் இந்த விலக்கையும் ஆதரிக்கிறோம். சாதி ஆதிக்கத்தால் அடித்தவர், அடிபட்டவரின் தெருவுக்கு அருகிலேயே 'நல்லவர்' என்று திரும்பி வந்தால், சாட்சி சொல்ல யார் துணிவார்?

அந்தப் பையனுக்கான வழியும் சட்டத்திலேயே இருக்கிறது. ஜாமீன்தாரர் இல்லாமலும் எழுதி வாங்கி விடலாம் என்று 4ஆம் பிரிவே சொல்கிறது. வசிப்பிடம் என்றால் பட்டா என்று அது சொல்லவில்லை. அவன் இனி வாழப்போகும் இடமும் கணக்கில் வரும். சூளை வாசலில் பெற்றோர் போட்ட கொட்டகையையும் நன்னடத்தை அலுவலர் நேரில் போய்ப் பார்த்து எழுதலாம். அவர் போகிறாரா என்று கேட்கவேண்டியவர்கள் நாம்தான்.