ஏகாத்தாளின் மாப்பிள்ளை



பௌர்ணமியும் வெள்ளிக்கிழமையும் சேர்ந்து வந்தால் நம் மணலிப் பக்கத்துச் சாலைகளில் ஒரு தனிக் கூட்டம் ஓடும். மேலூர் திருவுடையம்மன், திருவொற்றியூர் வடிவுடையம்மன், வடதிருமுல்லைவாயில் கொடியிடையம்மன் ஆகிய மூவரையும் ஒரே நாளில் பார்த்துவிட வேண்டும் என்று போகிறவர்கள் அவர்கள். ஒருத்தி இச்சா சக்தி, ஒருத்தி ஞான சக்தி, ஒருத்தி கிரியா சக்தி. மூவருக்கும் கணவன் சிவனே. வேலையைப் பிரித்துக்கொண்ட மூன்று வீட்டுக்காரிகள் என்றே சொல்லலாம்.

சாமிகள் அதிகாரத்தைப் பங்கு போட்டுக்கொள்வது எங்கும் நடந்ததுதான். கிரேக்கத்தில் அண்ணன் தம்பி மூவர் சீட்டுப் போட்டு வானம் ஜீயஸுக்கு, கடல் பொசைடனுக்கு, பாதாளம் ஹேடீஸுக்கு எனப் பிரித்துக்கொண்டதாகக் கதை. அங்கே பாகம் பிரித்தது பிறப்பு. நம் ஊரில் அந்த வேலையைப் பெரும்பாலும் கல்யாணம் செய்திருக்கிறது. ஓர் ஊரின் அம்மனை யாருக்குக் கட்டிக்கொடுத்தார்கள் என்று கேட்டால், அந்த ஊரில் யாருக்கு என்ன இடம் கிடைத்தது என்பதும் தெரிந்துவிடும். அதற்குச் சான்றாக இன்று நாம் எடுத்துக்கொள்வது சென்னைக் கருப்பர் நகரத்தில் நடந்த ஒரு கல்யாணம். பின்னாளில் ஜார்ஜ் டவுன் என்று பெயர் மாறிய பகுதி அது.

கருப்பர் நகரத்தின் காவல் தெய்வம் ஏகாத்தாள். ஒரே ஆத்தாள் என்று பொருள். ஆண்டுதோறும் அவள் திருவிழாவில் ஊர் மக்கள் அனைவரின் பெயராலும் அம்மன் கழுத்தில் தாலி ஏறியது. கட்டியவர் பறையர் சமூகத்திலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவர். ஆங்கிலேய அதிகாரி வால்ஹவுஸ் 1874இல் 'இந்தியன் ஆன்டிகுவரி' இதழில் இதைப் பதிவு செய்தார். சென்னையில் சமஸ்கிருதப் பேராசிரியராக இருந்த ஜெர்மானியர் குஸ்தவ் ஒப்பர்ட் 1893இல் வெளியிட்ட நூலில் இன்னும் விரிவாக எழுதினார். மாப்பிள்ளை சில நாட்கள் முன்பே கோயிலுக்கு வந்துவிடுவார். கையில் மஞ்சள் கயிறு காப்பாகக் கட்டப்படும். விரதம் இருப்பார். அம்மன் ஊர்வலம் போகும் நாளில் தாலி கட்டுவார்.

இதைப் பெரிய கோயில் திருக்கல்யாணத்தோடு வைத்துப் பாருங்கள். அங்கே அம்மனுக்குத் தாலி கட்டுவது சிவாச்சாரியாரின் கை. ஆனால் அவர் மாப்பிள்ளை அல்லர். மாப்பிள்ளை பக்கத்தில் சிலையாக நிற்கும் சிவன். குருக்கள் அவனுக்காகக் கையை மட்டும் கொடுக்கிறார். ஏகாத்தாளுக்குப் பக்கத்தில் எந்த ஆண் சாமியும் நிற்கவில்லை. அந்த இடத்தில் நின்றது ஒரு மனிதர். அவரும் கோயிலுக்குள் விடப்படாத சாதியைச் சேர்ந்த மனிதர்.

ஏன் இப்படி? பறையர்கள் ஒருகாலத்தில் இந்த மண்ணுக்கு உரியவர்களாக இருந்ததன் மிச்சம் இது என்றார் வால்ஹவுஸ். திருவாரூர்த் தியாகராசர் விழாவில் பறையர் தலைவர் யானைமேல் ஏறிச் சாமிக்குச் சாமரம் பிடித்ததையும் அவர் இதே வரிசையில் வைத்தார். இந்த விளக்கம் நமக்கு இனிப்பாக இருக்கிறது. இனிப்பாக இருப்பதாலேயே கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். தனித்திருக்கும் அம்மன் உக்கிரமானவள், அம்மை நோயைக் கொண்டு வருபவள் என்பது ஊரின் நம்பிக்கை. அவள் சூட்டைத் தாலியால் தணிக்க வேண்டும், அந்தச் சூட்டின் அருகே போகத் துணிகிறவன் ஒருவன் வேண்டும். சாவுக்குப் பறையடிக்கவும் செத்த மாட்டைத் தூக்கவும் ஒரு சாதியை அனுப்பிய ஊர், ஆபத்தான அம்மனிடமும் அதே சாதியை அனுப்பியிருக்கலாம். உரிமை, சுமை என்ற இரண்டும் அந்த ஒரே மஞ்சள் கயிற்றில் முறுக்கிக் கிடப்பதாகவே நாம் படிக்கிறோம். விழா முடிந்து காப்பு அவிழ்ந்ததும் மாப்பிள்ளை திரும்பியது சேரிக்குத்தான்.

இதே மாப்பிள்ளை கதைகளுக்குள் வரும்போது என்ன ஆகிறான் என்று பாருங்கள். சென்னையில் ஆயராக இருந்த ஹென்றி ஒயிட்ஹெட், கிராம தெய்வங்கள் பற்றிய தம் நூலில் ஒரு கதையைத் தருகிறார். தீண்டப்படாத சாதி ஆண் ஒருவன் சாதியை மறைத்துப் பார்ப்பனப் பெண்ணை மணக்கிறான். பிள்ளைகளும் பிறக்கின்றன. ஒருநாள் உண்மை வெளிப்பட, அவள் தீயில் இறங்கி மாரியம்மன் ஆகிறாள். கணவன் எருமையாகப் பிறக்கிறான். ஆண்டுதோறும் அவள் முன் வெட்டப்படும் கிடா அவன்தான். வெட்டிய தலையின் வாயில் அதன் முன்னங்காலையே திணித்து, மேலே விளக்கேற்றி வைக்கும் வழக்கத்தையும் ஒயிட்ஹெட் விவரிக்கிறார். ஏகாத்தாள் கோயிலில் தாலி கட்டியவனும் இந்தக் கதையில் வெட்டுப்படுகிறவனும் உறவுமுறையில் ஒரே இடத்தில் நிற்பவர்கள். சடங்கில் கணவனாக ஏற்ற ஊர், கதையில் அவனைக் குற்றவாளியாக்கிவிட்டது. சாதி மாறிய கல்யாணத்துக்கு இன்றும் அரிவாள் எடுக்கும் ஊர்களில் இருந்து வந்த நமக்கு இந்தக் கதையின் உள்நோக்கத்தை யாரும் விளக்கத் தேவையில்லை.

அடுத்தது ரேணுகை. பரசுராமன் தாயின் தலையை வெட்டப் போகிறான், பறையர் பெண் ஒருத்தி அவளைக் கட்டிப் பிடித்துக்கொள்கிறாள், இரண்டு தலையும் சேர்ந்து விழுகின்றன. உயிர்ப்பிக்கும்போது தலைகள் மாறிப்போகின்றன. 1782இல் நூல் வெளியிட்ட பிரெஞ்சுப் பயணி சொன்னராவே இந்தக் கதையின் ஒரு வடிவத்தை எழுதிவிட்டார். ஒயிட்ஹெட் தரும் வடிவத்தில் பங்கீடு தெளிவாக இருக்கிறது. பார்ப்பனத் தலையும் பறையர் உடலும் கொண்டவள் மாரியம்மன். அவளுக்கு ஆடும் சேவலும் உண்டு, எருமை கிடையாது. பறையர் தலையும் பார்ப்பன உடலும் கொண்டவள் எல்லம்மன். எருமை அவளுக்கு. காப்பாற்ற வந்த பெண்ணுக்குப் பல வடிவங்களில் ஒரு பெயர்கூட இல்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அயோத்திதாசர் இந்தக் கதைகளை அப்படியே ஏற்க மறுத்தார். அம்மன் என்பவள் அம்மை நோய்க்கு மருந்து சொன்ன பௌத்தப் பெண் துறவி அம்பிகை என்றும், ஆடி மாதக் கொண்டாட்டம் அவள் நினைவே என்றும் எழுதினார். வரலாற்றாசிரியர்கள் இதற்கு ஆதாரம் கேட்பார்கள், கேட்கட்டும். அவர் செய்ததில் நமக்கு முக்கியமானது வேறொன்று: அம்மனை யாருக்கும் மனைவியாக்காமலே அவளுக்கு மதிப்புக் கொடுத்தார். கணவன் இல்லாததால் உக்கிரம், உக்கிரத்தால் பலி என்ற சங்கிலி அவர் எழுத்தில் அறுந்துவிடுகிறது.

திருவொற்றியூரில் அந்தச் சங்கிலி இன்னும் இருக்கிறது. தியாகராசர் கோயில் வளாகத்திலேயே வட்டப்பாறையம்மன் சந்நிதி. உக்கிரமாக இருந்தவளை ஆதிசங்கரர் கிணற்றுக்குள் அடக்கி வட்டப்பாறையால் மூடினார் என்பது தலக்கதை. மதுரையை எரித்து வந்த கண்ணகியே அவள் என்றும் சொல்கிறார்கள். ஒரே மதிலுக்குள் சிவனின் மனைவியாக வடிவுடையம்மன், கணவன் பக்கத்தில் இல்லாத வட்டப்பாறையம்மன். ஒருத்திக்குத் திருக்கல்யாணம், மற்றவளுக்கு மூடுகல்.

கடைசியாக நம் ஊர்ப் பெயர் பற்றி ஒன்று. கருப்பர் நகரத்துப் பழைய பெருமாள் கோயிலை 1757இல் ஆங்கிலேயர் இடித்த பிறகு, சென்னகேசவருக்கும் சென்னமல்லீசுவரருக்கும் பக்கத்துப் பக்கத்தில் புதுக் கோயில்கள் எழுந்தன. அதை முன்நின்று செய்த துபாஷி மணலி முத்துகிருஷ்ண முதலியாரின் பெயர் சென்னை வரலாற்று நூல்களில் எல்லாம் இருக்கிறது. ஏகாத்தாளுக்கு ஆண்டுதோறும் தாலி கட்டிய மாப்பிள்ளைகளை வால்ஹவுஸும் ஒப்பர்ட்டும் சாதிப் பெயரால் மட்டுமே குறித்தார்கள். வடசென்னையில் பழைய குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. 'எங்கள் பாட்டன் அம்மனுக்குத் தாலி கட்டினார்' என்று எந்த வீட்டிலாவது ஒரு பேச்சு மிச்சமிருந்தால், அந்தப் பெயரை இந்த அரங்கின் மாணவர்கள் எழுதி வாங்கி வர வேண்டும்.