ஆய்வுவழி முதுநிலையும் பாடவழி முதுநிலையும் (சிவகாசி வட்டாரம்)

பட்டப்படிப்புக்குப் பின் எடுக்கும் முதுநிலைப் பட்டம் இரு வகைப்படும். பருவந்தோறும் தாள்களை எழுதி, கடைசியில் ஒரு திட்டப்பணியைச் சமர்ப்பித்துப் பெறுவது பாடவழிப் பட்டம். எம்.ஏ., எம்.எஸ்சி., எம்.இ., எம்.டெக். ஆகியவை இவ்வகையின. சில தாள்களை மட்டும் எழுதி, பெரும்பகுதிக் காலத்தை ஓர் ஆய்வேட்டுக்குச் செலவிடுவது ஆய்வுவழிப் பட்டம். அண்ணா பல்கலைக்கழகமும் சென்னை ஐ.ஐ.டி.யும் வழங்கும் ஆய்வுவழி எம்.எஸ். இதற்கு எடுத்துக்காட்டு.

விருதுநகர் மாவட்டத்தில் ஆய்வுவழி என்றால் நெடுங்காலம் எம்.ஃபில். பட்டத்தையே குறித்தது. அதற்கு முன் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வேட்டின் பேரில் எம்.லிட். பட்டம் வழங்கப்பட்டது. ஆனால் அது பெருநகரத்துக் கல்லூரிகளை ஒட்டியே நின்றுவிட்டது. 1966இல் மதுரையில் பல்கலைக்கழகம் தோன்றியதும், 1970களில் எம்.ஃபில். பரவியதும் நிலையை மாற்றின. விருதுநகர் செந்திக்குமார நாடார் கல்லூரி (1947), சிவகாசி அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி (1963) போன்றவற்றில் எம்.எஸ்சி. முடித்தவர், ஊரைவிட்டு நகராமலே மேலும் ஓராண்டு படித்து ஆய்வேடு எழுத வழி பிறந்தது. வெளியூர் விடுதிக்கு அனுப்பப்படாத பெண்களுக்கு இது ஒன்றே ஆய்வுக்கான வாசலாக இருந்தது. 2006இல் யு.ஜி.சி., இளநிலை வகுப்புகளுக்குக் கற்பிக்க எம்.ஃபில். உள்ளவர்களுக்கு நெட் தேர்விலிருந்து விலக்கு அளித்தது. 2009 விதிகள் அந்த விலக்கை எடுத்துவிட்டன. 2022 நவம்பரில் வந்த விதிகளோடு எம்.ஃபில். நிறுத்தப்பட்டது. அதற்கு ஈடான ஒன்று அப்போது சிற்றூர்க் கல்லூரிகளுக்குத் தரப்படவில்லை; இது இவ்வட்டாரத்துக்குப் பெரிய இழப்பு.

பொறியியலில் இன்றும் இரு வழிகளும் உள்ளன. எதைத் தேர்வது என்பதை மனத்தில் உள்ள கேள்வியே முடிவு செய்கிறது. கம்பி மத்தாப்பை எடுத்துக்கொள்வோம். 2018 அக்டோபர் 23ஆம் நாள் உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியம் உப்புகளைத் தடை செய்தது. பேரியம் நைட்ரேட்டுக்குப் பதில் வேறு உப்பு சேர்த்த மருந்து எத்தனை மாதம் கெடாமல் இருக்கும் என்று ஒரு மாணவர் அறிய விரும்புகிறார். மாற்று உப்பு ஈரத்தை இழுத்தால் மத்தாப்பு சரியாகப் பற்றாது, அல்லது பாதியில் அணைந்துவிடும். ஆகவே மாதிரிகளை ஐப்பசி மழையிலும் சித்திரை வெயிலிலும் வைத்துப் பார்த்தாக வேண்டும். எம்.இ. திட்டப்பணி கடைசி இரு பருவங்களில் நடப்பது. அவற்றில் முதல் பருவம் பெரும்பாலும் நூல்களைப் படிப்பதிலும் தலைப்பை முடிவு செய்வதிலும் கழிந்துவிடும். சோதனைக்குக் கிடைப்பது ஜனவரி முதல் ஏப்ரல் வரையான வறண்ட மாதங்களே. மழைக்கால அளவீடு இல்லாத முடிவு பாதி முடிவுதான். இந்தக் கேள்வி எம்.எஸ்.ஸுக்கு உரியது.

மருந்து கலக்கும் அறைகளுக்கு இடையிலான தூரத்தையும், உராய்வால் தீப்பற்றும் இடங்களையும் ஆராய்ந்து ஆலைக்கு ஓர் அபாய மதிப்பீடு தயாரிக்க விரும்புகிறவர் அதை ஒரே பருவத்தில் முடித்துவிடலாம். அவருக்குச் சிவகாசி மெப்கோ ஷ்லெங்க் பொறியியல் கல்லூரியின் எம்.இ. தொழிலகப் பாதுகாப்புப் பொறியியல் போன்ற பாடவழிப் பட்டமே பொருந்தும். பெரிய ஆலைகளில் பாதுகாப்பு அலுவலர் நியமனத்தைச் சட்டம் கோருவதால், வேலைக்கான பாதையும் அங்கே நேரானது.

ஆய்வுவழியில் சேருமுன் வழிகாட்டியிடம் ஒன்றைக் கேட்டுவிட வேண்டும்: மருந்தை எங்கே கலப்பது, யாருடைய உரிமத்தில் எரிப்பது? வெடிபொருள் விதிகள் (2008) காரணமாகக் கல்லூரி ஆய்வகத்தில் அதை விருப்பம்போல் கலக்க முடியாது. உரிமம் பெற்ற ஆலையோ, சிவகாசியில் பெசோ நடத்தும் பட்டாசு ஆராய்ச்சி மேம்பாட்டு மையமோ இடம் தர இசைய வேண்டும். இதற்குத் தெளிவான பதில் கிடைக்காவிட்டால் முதல் ஆண்டு மாதிரி இல்லாமலே போய்விடும்.

பணத்தைப் பொறுத்தவரை, கேட் மதிப்பெண்ணோடு அங்கீகரிக்கப்பட்ட கல்லூரியில் முழுநேர எம்.இ. சேர்ந்தவருக்கு ஏ.ஐ.சி.டி.இ. மாதம் 12,400 ரூபாய் தருகிறது. 24 மாதங்களுக்கு இது 2,97,600 ரூபாய். மாநில நுழைவுத் தேர்வு வழியே மட்டும் சேர்ந்தவருக்கு இந்த உதவித்தொகை இல்லை. எம்.எஸ்.ஸில் உதவித்தொகை நிறுவனத்தையும் திட்ட நிதியையும் பொறுத்தது. ஆய்வேடு மதிப்பிடப்பட்டு வரும் வரை பட்டம் இல்லை என்பதால், உதவித்தொகை நின்ற பிறகும் சில மாதங்கள் கைப்பணத்தில் ஓட்ட நேரலாம். சம்பளமின்றிக் கழியும் அந்த மாதங்களையும் செலவுக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பொறியியல் கல்லூரி உதவிப் பேராசிரியர் பணிக்கு எம்.இ., எம்.எஸ். இரண்டும் தகுதியாகும். முனைவர் பட்டத்துக்குப் போகிறவருக்கு எம்.எஸ். ஆய்வேடு துணைநிற்கும், ஆலை வேலைக்கு எம்.இ. போதும்.

எம்.ஃபில். நின்றுபோன கலை, அறிவியல் பாடங்களுக்கு, 2024இல் யு.ஜி.சி. வெளியிட்ட முதுநிலைப் பாடத்திட்டக் கட்டமைப்பு, ஈராண்டு எம்.எஸ்சி.யின் இரண்டாம் ஆண்டு முழுவதையும் ஆய்வுக்கே ஒதுக்க இடம் தருகிறது.