பாட்டிலில் உறைந்த தேன், நுரைத்த தேன்... சாப்பிடலாமா? கைக்குழந்தைக்கு ஏன் கூடாது?

கொடைக்கானல் போனபோது வாங்கி வந்த தேன் பாட்டில். ஒரு வருஷம் கழித்துத் திறந்தால் அடியில் சர்க்கரை மாதிரி கெட்டியா உறைஞ்சிருக்கு, மேலே தண்ணியா நிற்குது, லேசா நுரை வேற. உடனே "சர்க்கரைப்பாகு கலந்து ஏமாத்திட்டாங்க" என்றுதான் தோன்றும். ஆனால் உறைவதை மட்டும் வைத்து கலப்படம் என்று சொல்ல முடியாது.

தேனில் உள்ள குளுக்கோஸ்தான் படிகமாகிறது. சுமார் 14 டிகிரி குளிரில் இது வேகமாக நடக்கும். அதனால் மலைப்பகுதியில் தேன் சீக்கிரம் உறையும். சூடாக்கி, நன்றாக வடிகட்டி விற்கும் தேன் நாளாகும். உறைந்த தேனைப் பெரியவர்கள் தாராளமாகச் சாப்பிடலாம். இளக்க வேண்டுமா? கை பொறுக்கிற வெந்நீரில், அதாவது 40 டிகிரி அளவில், பாட்டிலை வைத்தால் போதும். அடுப்பில் நேரடியாக வைத்தால் மணமும் நிறமும் போய்விடும்.

கவனிக்க வேண்டியது மேலே நிற்கும் அந்தத் தண்ணியைத்தான். குளுக்கோஸ் உறைந்து அடியில் இறங்கியதும், மிச்சமுள்ள திரவத்தில் ஈரப்பதம் கூடிவிடுகிறது. அது 20 சதவீதத்தைத் தாண்டினால், தேனில் இயல்பாகவே இருக்கும் ஈஸ்ட் வேலையைத் தொடங்கிவிடும். ஈரக் கரண்டியை உள்ளே விட்டாலும், மூடியைச் சரியாக மூடாமல் விட்டாலும் இதே கதைதான்.

புளிச்சிருக்கா என்று எப்படித் தெரியும்? மூடியைத் திறக்கும்போது 'புஸ்' என்று காற்று வெளியேறும். கள் மாதிரி புளிப்பு வாடை வரும். ஊற்றும்போது வரும் குமிழி சற்று நேரத்தில் அடங்கிவிடும். புளித்த தேனிலோ நுரை மறுபடி மறுபடி வரும். லேசாகப் புளித்ததை ஒரு ஸ்பூன் தெரியாமல் சாப்பிட்டுவிட்டால் பெரியவர்கள் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் சூடாக்கினாலும் பழைய ருசி திரும்பாது. பூஞ்சை தெரிந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

குழந்தை விஷயம் வேறு. இங்கே தேன் பழசா, புதுசா என்ற கேள்வியே இல்லை. பிறந்த குழந்தைக்கு 'சேனை' வைப்பதாக நாக்கில் தேன் தடவும் பழக்கம் நம்மிடம் உண்டு. ஒரு வயது முடியும் வரை அது வேண்டவே வேண்டாம். தேனில் கிளாஸ்டிரிடியம் பொட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கலாம். பெரியவர்கள் குடலில் அவை வளர முடியாது. கைக்குழந்தையின் குடலில் அவற்றைத் தடுக்கும் நல்ல பாக்டீரியாக்கள் இன்னும் முழுமையாக வளர்ந்திருக்காது. அங்கே வித்து முளைத்து, தசைகளைச் செயலிழக்க வைக்கும் நச்சை உண்டாக்கும்.

"காய்ச்சிக் கொடுக்கலாமே?" என்று கேட்கலாம். கொதிக்க வைத்தாலும் அந்த வித்துகள் சாகாது. அசல் மலைத்தேனிலும் அவை இருக்கலாம், பார்த்தோ முகர்ந்தோ கண்டுபிடிக்க முடியாது.

ஏற்கனவே கொடுத்துவிட்டீர்களா? எல்லாக் குழந்தைக்கும் பாதிப்பு வராது. ஆனால் சில வாரங்கள் கவனியுங்கள். பெரும்பாலும் முதலில் தெரிவது மலச்சிக்கல். பிறகு பால் உறிஞ்சத் திணறும், அழுகுரல் மெலியும், இமை தொங்கும், கழுத்து நிற்காமல் உடம்பு துவளும். இவற்றைப் பார்த்தால் வீட்டு வைத்தியத்தில் நேரம் கடத்தாமல் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிப் போங்க. தேன் கொடுத்ததை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்க.